மாத விற்பனை மீளாய்வுக்கு ஒரு பிவட் அட்டவணை: மூதூர்க் கணக்கை முன்வைத்து

திருகோணமலை நகரில் களஞ்சியம் வைத்துக்கொண்டு, பால்மா, பிஸ்கட், சவர்க்காரம், தேயிலை போன்றவற்றைச் சுற்றுவட்டாரக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் கணக்குப் பார்க்கிறேன். எங்களிடம் 2 லொறிகளும் 3 விற்பனைப் பிரதிநிதிகளும் உள்ளனர். மாதத்துக்கு ஏறத்தாழ 1,200 பில் வரிகள் எக்செல் தாளில் பதிவாகின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் முதலாளி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தப் பகுதியில் வியாபாரம் கூடியது, எந்தப் பகுதியில் குறைந்தது, ஏன்? இக்கேள்விக்குப் பிவட் அட்டவணையைக் கொண்டு எவ்வாறு விடை காண்பது என்பதை, எக்செலில் கூட்டல் சூத்திரம் மட்டுமே போடத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு 2025ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களை எடுத்துக்கொள்கிறேன். தொகைகள் விளக்கத்துக்காக முழு எண்களாக ஆக்கப்பட்டவை.

மூலத்தாள்

பிவட் அட்டவணை தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. மூலத்தாளில் உள்ள வரிகளை நாம் சொல்லும் விதத்தில் பிரித்துக் கூட்டித் தருகிறது, அவ்வளவுதான். ஆகவே மூலத்தாளின் அமைப்புச் சரியாக இருக்க வேண்டும். ஜனவரிக்கு ஒரு தாள், பெப்ரவரிக்கு ஒரு தாள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிரல் என்று கணக்குப் புத்தகத்தின் பாணியில் எழுதி வைத்திருப்போர் முதலில் அதைக் கைவிட வேண்டும். எல்லா மாதங்களும் ஒரே தாளில், ஒன்றன் கீழ் ஒன்றாக வர வேண்டும். ஒரு பில்லில் 4 பொருட்கள் இருந்தால் அந்தப் பில் 4 வரிகளாகப் பதிவாகும். தேதியும் பில் இலக்கமும் கடையும் அந்த 4 வரிகளிலும் திரும்பத் திரும்ப வரும். எழுதுபவருக்கு இது வீண் வேலையாகத் தோன்றினாலும், வெற்றுக் கட்டத்தைப் பார்த்து "மேலே உள்ளதுதான் இங்கும்" என்று எக்செல் ஊகித்துக்கொள்ளாது.

நாங்கள் பயன்படுத்தும் நிரல் தலைப்புகள் இவை. சூத்திரங்களில் தட்டச்சுச் செய்ய இலகுவாக இருப்பதால் தலைப்புகளை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி வைத்திருக்கிறோம்.

```
Date | BillNo | Shop | Area | Rep | Item | Qty | Price | Gross | Discount | Net
```

`Gross` என்பது கழிவுக்கு முந்திய தொகை, `Discount` என்பது ரூபாவில் கொடுத்த கழிவு, `Net` என்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். கடைக்காரர் திருப்பி அனுப்பிய பொருள், அது திரும்பி வந்த தேதியில் கழித்தல் குறியுடன் தனி வரியாகப் பதிவாக வேண்டும். பழைய வரியைத் திருத்தி எழுதினால், முதலாளியிடம் ஏற்கனவே ஒப்படைத்துவிட்ட சென்ற மாதத் தொகை சத்தமில்லாமல் மாறிவிடும்.

தாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் நின்று `Ctrl+T` அழுத்தி, அதனை ஒரு டேபிளாக மாற்றுங்கள். மேலே தோன்றும் `Table Design` பகுதியில் அதற்கு `Sales` என்று பெயரிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், அடுத்த மாதம் கீழே சேர்க்கும் வரிகள் பிவட்டுக்குள் வராமல் போகும். டேபிளாக இருந்தால் அது வரிகளுடன் சேர்ந்து தானே நீளும்.

பிவட்டுக்கு முன் ஒரு சோதனை

எங்கள் அலுவலகத்தில் தொகையை "12,500/=" என்று எழுதும் பழக்கம் கைகளில் ஊறிப்போனது. காகிதத்தில் அது அழகு. எக்செல் கட்டத்தில் அது எண்ணே அல்ல, வெறும் எழுத்து. பிவட் அட்டவணை அந்த வரியைப் பூச்சியமாகக் கருதிக் கூட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். சாதாரண `SUM` சூத்திரமும் அதையே செய்வதால், இரண்டு மொத்தங்களும் பொருந்துகின்றன என்று நாம் ஏமாந்துவிடுவோம். எனவே ஒவ்வொரு மாதமும் பிவட்டைத் தொடுமுன் இந்த இரண்டு சூத்திரங்களையும் ஒரு தனித்தாளில் பார்ப்பது என் வழக்கம்.

```
=COUNTA(Sales[Net])-COUNT(Sales[Net])
=COUNTA(Sales[Date])-COUNT(Sales[Date])
```

`COUNTA` நிரம்பிய கட்டங்கள் அனைத்தையும், `COUNT` எண்ணாக உள்ள கட்டங்களை மட்டும் எண்ணுகின்றன. இரண்டு விடைகளும் 0 ஆக இருக்க வேண்டும். எக்செலுக்குத் தேதியும் ஒரு வகை எண்ணே என்பதால் இரண்டாவது சூத்திரமும் அதே வழியில் வேலை செய்கிறது.

தொகை நிரலில் 0 வராவிட்டால், குறி போட்டு எழுதிய வரிகளைத் தேடித் திருத்திவிடலாம். தேதி நிரலில் 0 வராவிட்டால் விஷயம் அத்தனை எளிதல்ல. எங்கள் பிரதிநிதி ஒருவர் கைபேசியில் பில் போட்டு, மாத முடிவில் ஒரு சிஎஸ்வி கோப்பை அனுப்புகிறார். அதில் தேதி நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கில் இருக்கிறது. மார்ச் 10 என்பது 10/03/2025. அதைத் திறந்த கணினியிலோ விண்டோஸ் அமெரிக்க ஒழுங்கில், மாதம் முன்னால் வருமாறு அமைக்கப்பட்டிருந்தது. எக்செல் அதனை ஒக்டோபர் 3 என்று வாசித்துக்கொண்டது. மார்ச் 25 என்பதில் 25ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அதை வாசிக்க முடியாமல் எழுத்தாகவே விட்டுவிட்டது. கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் தேதிகள் அவையே. சூத்திரம் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டாம் வகையை மட்டும்தான். மார்ச் 3 தவிர, முதல் 12 நாட்களின் வரிகள் சரியான தேதி போலவே வேடம் பூண்டு தவறான மாதங்களில் போய் அமர்ந்துவிடும். மார்ச் 1 ஜனவரி 3 ஆகவும், மார்ச் 2 பெப்ரவரி 3 ஆகவும் மாறிவிடுவதால், மார்ச் மாத விற்பனை முன்னைய மாதங்களுக்குள் கசிவதைக் கண்ணால் கண்டுபிடிப்பது ஏறத்தாழ இயலாத காரியம்.

ஆகையால் எழுத்தாக நிற்கும் தேதிகளை மட்டும் திருத்திவிட்டு மேலே செல்லக் கூடாது. அந்தக் கோப்பிலிருந்து வந்த வரிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, விண்டோஸின் `Region` அமைப்பில் `Short date` என்பதை `dd/MM/yyyy` என்று மாற்றி, எக்செலை மூடித் திறந்து, மூலக் கோப்பை மீண்டும் திறந்து ஒட்டுவதே பாதுகாப்பானது. முதல் காலாண்டைப் பார்க்கும் அட்டவணையில் ஜூலையும் ஒக்டோபரும் தலைகாட்டினால், காரணம் இதுதான் என்று சந்தேகமின்றிக் கொள்ளலாம்.

அட்டவணையை அமைத்தல்

`Sales` டேபிளுக்குள் ஒரு கட்டத்தில் நின்று, `Insert` > `PivotTable` என்பதைச் சொடுக்கி, `New Worksheet` என்பதைத் தெரிவுசெய்து `OK` கொடுங்கள். புதிய தாளில், வலப்பக்கத்தில் `PivotTable Fields` என்ற பட்டியல் தோன்றும். அதன் கீழுள்ள பெட்டிகளில் மூன்றை மட்டும் இப்போது பயன்படுத்துவோம். `Area` என்பதை `Rows` பெட்டிக்கும், `Date` என்பதை `Columns` பெட்டிக்கும், `Net` என்பதை `Values` பெட்டிக்கும் இழுத்து விடுங்கள்.

எக்செலின் அண்மைய பதிப்புகள் தேதிகளைத் தாமாகவே மாதங்களாகத் தொகுத்துவிடும். உங்களுடையது அவ்வாறு செய்யாமல் ஒவ்வொரு நாளையும் தனி நிரலாகக் காட்டினால், ஏதேனும் ஒரு தேதியின்மேல் வலச்சொடுக்குச் செய்து `Group` என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே `Months`, `Years` இரண்டையும் தெரிவுசெய்ய வேண்டும். `Months` மட்டும் இருந்தால், தாளில் இரண்டு ஆண்டுகளின் தரவு சேர்ந்த பிறகு இரண்டு மார்ச் மாதங்களும் ஒரே நிரலில் கூடிவிடும். `Cannot group that selection` என்ற செய்தி வந்தால், தேதி நிரலில் எழுத்தோ வெற்றுக் கட்டமோ இன்னும் இருக்கிறது என்று பொருள். முந்திய சோதனைக்குத் திரும்புங்கள்; வெற்றுக் கட்டத்தை அது காட்டாது என்பதால், அதை நிரலில் வடிகட்டித் தேடுங்கள். `Values` பெட்டியில் `Sum of Net` என்று இல்லாமல் `Count of Net` என்று வந்தாலும் தொகை நிரலில் அதே குறையைத் தேட வேண்டும்.

எங்களுக்கு முதலில் கிடைத்த அட்டவணை இது:

| Area | ஜனவரி | பெப்ரவரி | மார்ச் |
|---|---|---|---|
| jpUNfhzkiy | | | 46,000 |
| கிண்ணியா | 520,000 | 505,000 | 578,000 |
| திருகோணமலை | 840,000 | 810,000 | 819,000 |
| நிலாவெளி | 180,000 | 195,000 | 260,000 |
| மூதூர் | 410,000 | 420,000 | 280,000 |
| மொத்தம் | 1,950,000 | 1,930,000 | 1,983,000 |

மொத்தத்தை மட்டும் பார்த்தால் மார்ச் மாதம் பெப்ரவரியை விட 53,000 ரூபா கூட. மீளாய்வை அந்த இடத்திலேயே முடித்துத் தேநீர் குடிக்கப் போய்விடலாம். ஆனால் மூதூர் மூன்றில் ஒரு பங்கு விழுந்திருக்கிறது.

விழுந்தது விற்பனையா, பதிவா?

ஓர் எண் விழுந்திருப்பதைக் கண்டவுடன் பிரதிநிதியை அழைத்து விளக்கம் கேட்பது எங்கள் முதலாளியின் இயல்பு. அதற்கு முன் பதிவில் தவறு உண்டா என்று பார்த்துவிடுவது கணக்காளரின் கடமை என்பது என் கருத்து; இல்லையேல் பின்னர் வருத்தம் தெரிவிக்கும் சங்கடம் மிஞ்சும்.

முதல் வரியில் உள்ள `jpUNfhzkiy` என்பது வைரஸ் அல்ல. பாமினி எழுத்துருவில் தட்டச்சான "திருகோணமலை" அது. மூலத்தாளில் அக்கட்டத்துக்குப் பாமினி எழுத்துரு கொடுக்கப்பட்டிருந்ததால் அங்கே நல்ல தமிழாகத் தெரிந்தது. உள்ளே சேமிக்கப்பட்டிருந்தவை ஆங்கில எழுத்துகளே. பிவட் தாள் எழுத்துருவை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வதால், யூனிகோடில் எழுதிய திருகோணமலை வேறு, இது வேறு என்று பிரித்துவிட்டது. சொல்லின் இறுதியில் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். அப்போது பார்வைக்கு ஒன்றேபோல் இரண்டு "மூதூர்" வரிகள் தோன்றும்.

மூதூரின் பிரச்சினை இதைவிட ஆழமானது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, நகரிலிருந்து கிண்ணியா வழியாகவே மூதூருக்குத் தரைவழியில் போய்விடலாம். எங்கள் லொறிகளில் ஒன்று காலையில் கிண்ணியாக் கடைகளுக்குச் சரக்கு இறக்கிவிட்டு, அப்படியே மூதூருக்குச் செல்கிறது. மார்ச் மாதத்தில் பதிவுக்குப் புதிதாக வந்த தம்பி, லொறியின் ஏற்றுச்சீட்டில் மேலே "கிண்ணியா" என்று இருந்ததைப் பார்த்து, அதில் வந்த பில்கள் சிலவற்றுக்குக் கடை எங்கிருக்கிறது என்று பாராமல் அதே பெயரைப் போட்டுவிட்டார். இதை எப்படிக் கண்டுகொண்டேன் என்றால், பிவட்டில் கிண்ணியாவின் மார்ச் தொகையான 578,000 என்ற கட்டத்தை இருமுறை சொடுக்கினேன். அந்தத் தொகையை உருவாக்கிய வரிகள் அனைத்தும் ஒரு புதிய தாளில் வந்து விழுந்தன. `Shop` நிரலில் வரிசைப்படுத்தியபோது, KN என்று தொடங்கும் கிண்ணியாக் கடைக் குறியீடுகளுக்கு நடுவே MT என்று தொடங்கும் மூதூர்க் குறியீடுகள் நின்றன; அவற்றின் கூட்டுத்தொகை 38,000.

இருமுறை சொடுக்கும்போது வரும் அந்தத் தாள் ஒரு பிரதி மட்டுமே. அங்கே திருத்தினால் மூலத்தில் எதுவும் மாறாது. பார்த்து முடித்ததும் அதை அழித்துவிடுங்கள். இல்லையேல் இரண்டு மாதங்களில் கோப்பு முழுவதும் பெயரற்ற தாள்களால் நிரம்பிவிடும்.

வரிகளைக் கையால் திருத்துவதோடு நிற்காமல், பகுதியின் பெயரைத் தட்டச்சுச் செய்யும் வேலையையே ஒழித்துவிட்டோம். இன்னொரு தாளில், கடைக் குறியீடு, கடையின் பெயர், பகுதி என்ற மூன்று நிரல்களுடன் ஒரு டேபிளை அமைத்து அதற்கு `ShopList` என்று பெயரிட்டோம். பின்னர் `Sales` டேபிளின் `Area` நிரலில் இந்தச் சூத்திரத்தை இட்டோம்:

```
=VLOOKUP([@Shop],ShopList,3,FALSE)
```

இப்போது பதிவுசெய்பவர் MT07 என்று கடைக் குறியீட்டை மட்டும் கொடுக்கிறார். பகுதி தானாக வருகிறது. லொறி எந்த வழியில் போனாலும் கடை இடம்பெயரப் போவதில்லை. பட்டியலில் இல்லாத புதிய கடையொன்று வந்தால் `#N/A` என்று தோன்றும், பிவட்டிலும் அதே பெயரில் ஒரு வரி முளைக்கும். அதைக் கண்டு எரிச்சலடைய வேண்டாம். தவறான பகுதியில் ஒளிந்துகொள்வதை விட அது நல்லது.

பிவட்டின்மேல் வலச்சொடுக்குச் செய்து `Refresh` கொடுத்தவுடன், `jpUNfhzkiy` மறைந்து திருகோணமலை 865,000 ஆகவும், கிண்ணியா 540,000 ஆகவும், மூதூர் 318,000 ஆகவும் மாறின. மொத்தம் அதே 1,983,000. திருத்தத்தால் மொத்தமும் மாறியிருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன். பகுதியை மட்டும் மாற்றும் திருத்தம் மொத்தத்தைத் தொடக் கூடாது.

மூதூருக்குள் இறங்குதல்

தொகைகளுக்குப் பக்கத்தில் மாற்றத்தின் சதவீதத்தையும் காட்ட, `Net` என்பதை இரண்டாம் முறையாக `Values` பெட்டிக்குள் இழுத்து விடுங்கள். அவ்வாறு வந்த புதிய எண்ணின்மேல் வலச்சொடுக்குச் செய்து, `Show Values As` > `% Difference From` என்பதைத் தெரிவுசெய்து, `Base field` என்பதில் மாதங்கள் உள்ள புலத்தையும், `Base item` என்பதில் `(previous)` என்பதையும் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் தன் முன்னைய மாதத்துடன் ஒப்பிடப்படும். திருத்திய கணக்கில் மார்ச் மாதம் திருகோணமலை 6.8 சதவீதமும், கிண்ணியா 6.9 சதவீதமும், நிலாவெளி 33.3 சதவீதமும் கூடியிருந்தன, மூதூர் 24.3 சதவீதம் குறைந்திருந்தது. பதிவுத் தவறு போக, 102,000 ரூபா உண்மையிலேயே குறைந்திருக்கிறது.

அடுத்து `Item` என்பதை `Rows` பெட்டியில் `Area` என்பதன் கீழே சேர்த்தேன். மூதூரின் பால்மா பெப்ரவரியில் 165,000, மார்ச்சில் 70,000. ஆக 102,000 ரூபா வீழ்ச்சியில் 95,000 ரூபா ஒரே பொருளிலிருந்து வந்தது. மற்றப் பொருட்கள் எல்லாம் சேர்ந்து 7,000 ரூபா மட்டுமே குறைந்திருந்தன. களஞ்சியத்தில் பால்மா தீர்ந்துவிட்டதோ என்பது என் முதல் ஐயம். அப்படியானால் எல்லாப் பகுதிகளிலும் விழுந்திருக்க வேண்டும். ஆனால் நகரிலும் கிண்ணியாவிலும் பால்மா மாதக் கடைசி வரை வழக்கம்போல் விற்றிருந்தது.

இவ்விடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் குறைந்த மாதத்தின் கட்டத்தையே இருமுறை சொடுக்கிப் பார்க்கிறார்கள். விற்காத பொருளுக்கு வரி ஏது? விடுபட்டுப் போனதைத் தேட வேண்டிய இடம் முன்னைய மாதம். பெப்ரவரியின் 165,000 என்ற கட்டத்தைத் திறந்தபோது, MT03 என்ற ஒரே மொத்த வியாபாரக் கடை பெப்ரவரி 26, 27 ஆகிய இரு நாட்களில் 84,000 ரூபாவுக்குப் பால்மா எடுத்திருந்தது. மார்ச்சில் அக்கடை பால்மாவே வாங்கவில்லை. ஜனவரியில் அதன் கொள்முதல் 42,000.

பிரதிநிதியை அழைத்தேன். "அண்ணை, அவர் நோன்புக்கெண்டு முன்கூட்டியே ரெண்டு மாசத்துச் சாமான் ஏத்தி வச்சிட்டார். இனி ஏப்ரல்லதான் திரும்பக் கேப்பார்" என்றார். 2025இல் ரமழான் நோன்பு மார்ச் மாதத்தின் தொடக்கத்திலேயே பிறந்தது. கடைக்காரர் பெப்ரவரிக் கடைசியில் சரக்குச் சேர்த்துக்கொண்டதில் வியப்பில்லை. 84,000 ரூபாவை இரண்டு மாதங்களுக்கும் சமமாகப் பிரித்தால் மாதத்துக்கு 42,000. ஜனவரித் தொகையும் அதுதான். அப்படிப் பிரித்துப் பார்க்கையில் மூதூர் பெப்ரவரியில் 378,000, மார்ச்சில் 360,000. வீழ்ச்சி 5 சதவீதத்துக்கும் குறைவு. 24 சதவீதத்துக்காகப் பிரதிநிதியைக் கண்டித்திருந்தால், நாள்காட்டிக்காக ஒரு மனிதரைக் கண்டித்ததாக ஆகியிருக்கும்.

நோன்பு ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 10 அல்லது 11 நாட்கள் முந்தி வருகிறது. ஆகவே கிண்ணியா, மூதூர் போன்ற பகுதிகளில் இந்த ஆண்டின் பெப்ரவரியைச் சென்ற ஆண்டின் பெப்ரவரியுடன் ஒப்பிடுவது சில ஆண்டுகளில் முற்றாகத் தவறான விடையைத் தரும். 2025இல் பெப்ரவரியில் விழுந்த கொள்முதல் அடுத்த சில ஆண்டுகளில் ஜனவரி நிரலுக்குப் போய்விடும். சித்திரைப் புத்தாண்டு எப்போதும் ஏப்ரல் நடுப்பகுதியிலேயே வருவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. நான் மூலத்தாளில் எதையும் மாற்றுவதில்லை. பிவட்டின் பக்கத்தில் ஒரு குறிப்பு நிரலை வைத்து, "MT03, நோன்புக் கொள்முதல், 84,000" என்று எழுதி வைக்கிறேன். உண்மையில் நடந்த பில்லின் தேதியை ஒப்பீடு அழகாக இருப்பதற்காக நகர்த்தக் கூடாது.

கழிவின் சதவீதம்

அதே மீளாய்வில் முதலாளி கேட்கும் மற்றொன்று, ஒவ்வொரு பிரதிநிதியும் எத்தனை சதவீதம் கழிவு கொடுத்தார் என்பது. மூலத்தாளில் கழிவுச் சதவீதத்துக்கு ஒரு நிரலை வைத்து, பிவட்டில் அதன் சராசரியை எடுப்பதே முதலில் தோன்றும் வழி. அது தவறான வழி. ஒரு பிரதிநிதி 100,000 ரூபாப் பில்லுக்கு 2 சதவீதமும், 5,000 ரூபாப் பில்லுக்கு 10 சதவீதமும் கழிவு கொடுத்தார் என்று வையுங்கள். சதவீதங்களின் சராசரி 6. ஆனால் அவர் கையிலிருந்து போனது 2,000 உம் 500 உம் சேர்ந்து 2,500 ரூபா. 105,000 ரூபாவில் அது 2.4 சதவீதமே.

சரியான விடைக்கு, பிவட்டுக்குள் நின்று `PivotTable Analyze` > `Fields, Items, & Sets` > `Calculated Field` என்பதற்குச் சென்று, `Name` என்பதில் புலங்கள் எதற்கும் இல்லாத ஒரு பெயரையும், `Formula` என்பதில் கீழுள்ளதையும் கொடுத்து, பின்னர் எண்ணின் வடிவத்தைச் சதவீதமாக மாற்றுங்கள்.

```
=Discount/Gross
```

இந்தப் புலம் முதலில் கழிவுகளைக் கூட்டி, மொத்தங்களைக் கூட்டி, அதன் பிறகே வகுக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுவே. அதே குணம் பெருக்கலில் கெடுதலாக முடியும். `=Qty*Price` என்று இங்கே எழுதினால், 100 ரூபாவுக்கு 10 உம் 200 ரூபாவுக்கு 5 உம் விற்ற இரண்டு வரிகளுக்கு, 15 ஐ 300 ஆல் பெருக்கி 4,500 என்று காட்டும். உண்மையான விற்பனை 2,000. பெருக்கல் மூலத்தாளின் வரியிலேயே முடிந்திருக்க வேண்டும். வகுத்தலை மட்டும் பிவட்டுக்கு விடுங்கள்.

அடுத்த மாதம்

ஏப்ரல் மாத வரிகளை `Sales` டேபிளின் கீழே ஒட்டி, இரண்டு சோதனைச் சூத்திரங்களையும் பார்த்து, `Data` > `Refresh All` கொடுத்தால் அட்டவணை புதுப்பிக்கப்படும். தானாகப் புதுப்பிக்கப்படும் என்று நம்பியிருந்து, பழைய எண்களை அச்சடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போன அனுபவம் எனக்கு ஒருமுறை உண்டு. மூலத்தில் இல்லாமல் போன பழைய பெயர்கள் வடிகட்டிப் பட்டியலில் ஆவிபோல் தொடர்ந்து தெரிந்தால், `PivotTable Options` > `Data` பகுதியில் `Number of items to retain per field` என்பதை `None` ஆக்கி மீண்டும் புதுப்பியுங்கள்.

பிரதிநிதியின் பெயரையோ பொருளையோ ஒரு சொடுக்கில் மாற்றிப் பார்க்க `Insert Slicer` உதவும்; ஒரு பிவட் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால், தனி டாஷ்போர்ட் மென்பொருளொன்றை வாங்கும் தேவை எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு எழாது. இன்னும் நிறைய வரைபடங்கள் வைக்கலாம்தான். எங்கள் கூட்டத்தில் அவற்றை யாரும் பார்த்ததில்லை.

அட்டவணையை அனுப்பும்போது மட்டும் ஒரு விடயத்தில் கவனம் தேவை. மூலத்தாளை நீக்கிவிட்டுப் பிவட் தாளை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், பிவட் தன்னுள் தரவின் ஒரு பிரதியை வைத்திருக்கும். பெறுபவர் மொத்தத்தை இருமுறை சொடுக்கினால், எந்தக் கடைக்கு எவ்வளவு கழிவு கொடுத்தோம் என்பது உட்பட எல்லா வரிகளும் அவர் முன் விரியும். பிரதிநிதிகளுக்கு நான் அனுப்புவது அவரவர் பகுதியை வடிகட்டி எடுத்த பிடிஎஃப் பக்கம் ஒன்று. எக்செல் கோப்பு முதலாளியின் கணினியிலும் என் கணினியிலும் மட்டுமே இருக்கிறது.